படுக்கையில் இருப்பவருக்குக் குளிசையும் பானமும் கொடுப்பது: லயத்து வீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிளினிக்கில் தரும் மருந்து உறையின் மேல் காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதியிருக்கும். எழுந்து உட்கார முடியாத ஒருவர் அந்த ஒன்றை எப்படி விழுங்குவார் என்பதை யாரும் எழுதித் தருவதில்லை. அதனால் பல வீடுகளில் காலையில் நடப்பது இதுதான். பெரட்டுக்குப் போகிற அவசரத்தில், படுத்திருப்பவரின் தலையை ஒரு கையால் கொஞ்சம் தூக்கி, எல்லாக் குளிசையையும் ஒன்றாக வாயில் போட்டு, மேலே சாயத்தண்ணியை ஊற்றி, "முழுங்குங்க அம்மாயி" என்று சொல்லிவிட்டு ஓடுவது. மாலையில் வந்து பார்த்தால் ஒரு குளிசை தலையணை ஓரத்தில் கரைந்து ஒட்டியிருக்கும். இல்லாவிட்டால் இரண்டு நாளில் காய்ச்சலும் சளியும் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார்.

பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வீட்டில் வைத்துப் பார்க்கப்படுகிறவர்களில் விழுங்குவதில் அதிகம் சிரமப்படுகிறவர்கள் அவர்கள்தான். முதுமையால் தளர்ந்து படுத்தவருக்கும் இதில் பெரும்பாலானது பொருந்தும். ஆனால், வாயால் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியவருக்கும், மூக்குக் குழாய் வழியாக உணவு போகிறவருக்கும் இது பொருந்தாது.

தொண்டைக்குள் மூச்சுக் குழாய் முன்னாலும் உணவுக் குழாய் பின்னாலும் இருக்கின்றன. விழுங்கும் நொடியில் மூச்சுக் குழாயின் வாய் மூடிக்கொள்ளும். பாரிசவாதம் வந்தவருக்கு இந்த மூடல் தாமதமாகலாம். தண்ணீர் வேகமாக ஓடக்கூடியது; படுத்த நிலையில் ஊற்றினால், அவர் விழுங்கத் தயாராகும் முன்பே அது பின்தொண்டைக்குப் போய் மூச்சுக் குழாய்க்குள் இறங்கிவிடும். நமக்கென்றால் உடனே இருமல் வரும். இவர்களில் சிலருக்கு அந்த இருமலே வராது. சத்தம் இல்லாததால் நன்றாகக் குடித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்கிறோம். உட்கார வைப்பதும், ஒவ்வொன்றாகக் கொடுப்பதும், முடிந்தபின் வாயைத் திறந்து பார்ப்பதும் இதற்காகத்தான்.

முதலில், முழித்திருக்கிறாரா?

கண் திறந்திருந்தால் மட்டும் போதாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உங்கள் பக்கம் பார்க்க வேண்டும். வாயைத் திறக்கச் சொன்னால் திறக்க வேண்டும். தன் எச்சிலைத் தானே விழுங்க வேண்டும். பாதித் தூக்கத்தில் இருந்தால் கொடுக்க வேண்டாம். முகத்தைத் துடைத்துவிட்டு, திரையை விலக்கி வெளிச்சம் விட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மலைப்பக்கத்துக் குளிர்காலையில் கம்பளிக்குள்ளிருந்து எழுப்பியதும் குளிசையை நீட்டுவது அவருக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

வழக்கத்தை விட மயக்கமாக இருந்தாலோ, கூப்பிட்டும் சரியாக முழிக்காவிட்டாலோ, வாய் புதிதாகக் கோணியிருந்தாலோ, பேச்சு திடீரெனக் குழறினாலோ குளிசையை விடுங்கள். 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அதற்குக் காசு இல்லை. சீனி வருத்தம் உள்ளவர் மயங்கிக் கிடந்தால், சீனி குறைந்திருக்கும் என்று நினைத்து வாயில் சீனித் தண்ணீர் ஊற்றுவார்கள். முழிக்காதவரின் வாயில் எதையுமே ஊற்றக் கூடாது.

உட்கார வைப்பது

ஆஸ்பத்திரிக் கட்டில் என்றால் கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் எழும்பும். நம் காம்பராவில் இருப்பது பலகைக் கட்டில். இரண்டு தலையணையைத் தலைக்குக் கீழே அடுக்கினால் கழுத்து மட்டும்தான் மடங்கும். உடம்பு படுத்தபடியேதான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் கீழே சறுக்கி, தாடை நெஞ்சில் இடித்து, வயிறு நசுங்கிப் போகும். அது உட்கார வைத்ததாகாது.

பலமான மரக் கதிரை ஒன்று போதும். அதைக் கட்டிலின் தலைமாட்டில் குப்புறக் கவிழ்த்து வையுங்கள். சாய்மானத்தின் மேல்விளிம்பும், இருக்கையின் முன்விளிம்பும் மெத்தையில் படிய வேண்டும். கால்கள் சுவர்ப் பக்கம் நீட்டி, சுவரில் முட்டி நிற்க வேண்டும். இப்போது சாய்மானத்தின் முதுகு, படுத்திருப்பவரின் பக்கமாகச் சரிவாக நிற்கும். மடித்த கம்பளியை அதன் மேல் போட்டு, அதற்கு மேல் தலையணை வைத்தால் நல்ல முதுகுச் சாய்வு கிடைக்கும். முதலில் நீங்களே சாய்ந்து பாருங்கள். நழுவினால் அவருக்கும் நழுவும். மெல்லிய பிளாஸ்டிக் கதிரை வளையும், வேண்டாம்.

இடுப்பு சரிவின் அடிவாரத்தில் நன்றாக ஒட்டி உட்கார வேண்டும், அதுதான் முக்கியம். இருவர் சேர்ந்து, அக்குளைப் பிடித்து இழுக்காமல், இடுப்புக்குக் கீழே விரித்த துணியைப் பிடித்து மேலே நகர்த்துங்கள். விழுந்துபோன பக்கத்துத் தோளைப் பிடித்து இழுத்தால் மூட்டு விலகிவிடும். பிறகு முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துணியை வைத்தால் சறுக்க மாட்டார். பலமில்லாத பக்கம் சாய்ந்து விழாமல் அந்தப் பக்க இடுப்பிலும் கைக்குக் கீழேயும் ஒரு தலையணை. முடிந்தவரை நிமிர்ந்து, நாம் சாப்பிட உட்காருவது போல இருக்க வேண்டும். அந்தளவு தாங்க முடியாதவரை எவ்வளவு சரிவில் வைத்துக் கொடுக்கலாம் என்பதைக் கிளினிக்கில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தாடை நேராக, அல்லது சிறிது கீழ்நோக்கி இருக்கட்டும். அண்ணாந்து பார்க்கவே கூடாது. அண்ணாந்தால் மூச்சுக் குழாயின் வழி திறந்துகொள்ளும்.

இதனால்தான் கொடுப்பவரும் உட்கார வேண்டும். நின்றுகொண்டு கொடுத்தால் அவர் உங்கள் முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்குவார். முக்காலி ஒன்றைப் போட்டு, உங்கள் கண்ணும் அவர் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கும்படி, முன்னால் உட்காருங்கள். டீவியை நிறுத்துங்கள். இஸ்தோப்பில் ஆட்கள் கதைத்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொல்லுங்கள். வாயில் ஏதாவது இருக்கும்போது நீங்களும் கேள்வி கேட்காதீர்கள். பதில் சொல்ல வாயைத் திறந்து மூச்சு இழுக்கும்போதுதான் புரையேறும்.

வாயைத் துடைத்து, முதல் கரண்டி

வாயைத் திறந்து தூங்குகிறவரின் நாக்கு காலையில் காய்ந்து பிசுபிசுப்பாக இருக்கும். காய்ந்த வாயில் குளிசை ஒட்டிக்கொள்ளும். மெல்லிய துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து நாக்கு, ஈறு, கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் துடைத்துவிடுங்கள். இது அழகுக்காக இல்லை. வாய் அழுக்காக இருந்தால், தப்பித் தவறி எச்சில் நெஞ்சுக்குள் போனாலும் கிருமியோடு போகும். கட்டுப்பல் இருந்தால் போட்டுவிடுங்கள். அது ஆடினால் கழற்றி வையுங்கள், குளிசை அதற்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

முதலில் ஒரு தேக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர், குளிசை இல்லாமல். தேக்கரண்டி என்றால் ஐந்து மில்லிலீட்டர்தான். கரண்டியைக் கீழிருந்து நேராகக் கொண்டுவந்து, பலமுள்ள பக்கமாக நாக்கின் மேல் வைத்து, அவர் உதட்டை மூடியதும் நேராக வெளியே எடுங்கள். மேல் பல்லில் வழித்து எடுத்தால் தலை மேலே போகும். பிறகு தொண்டையைப் பாருங்கள். குரல்வளை ஒரு தரம் மேலே ஏறி இறங்க வேண்டும். இறங்கியதும் "ஆ" என்று சொல்லச் சொல்லுங்கள். குரல் தெளிவாக இருந்தால் சரி. கரகரவென்று ஈரமாகக் கேட்டால் தண்ணீர் இன்னும் தொண்டையில்தான் நிற்கிறது. இருமிவிட்டு, வெறும் வாயோடு இன்னொரு தடவை விழுங்கச் சொல்லுங்கள். அடுத்த கரண்டியிலும் அதே கரகரப்பு என்றால், அல்லது இருமினால், கண்ணில் நீர் வந்தால், மூச்சு வேகமானால் அன்றைக்கு அதோடு நிறுத்தி டாக்டரிடமோ தோட்ட டிஸ்பென்சரியிலோ சொல்லுங்கள்.

டம்ளரில் குடிக்க முடிந்தவர் என்றால், டம்ளரைப் பாதிக்கு மேல் நிரப்பி வையுங்கள். அடியில் கொஞ்சம் இருந்தால் அதைக் குடிக்கத் தலையை அண்ணாக்க வேண்டிவரும். வாய் அகன்ற பிளாஸ்டிக் கோப்பையின் ஒரு பக்க விளிம்பை அரைவட்டமாக வெட்டி, மூக்கு இடிக்காமல் குடிக்கச் செய்வதும் நல்ல வழிதான். வெட்டின விளிம்பு கிழிக்காமல் தேய்த்துவிடுங்கள். குழந்தைக்குக் கொடுக்கும் முனை வைத்த கோப்பை வேண்டாம். எவ்வளவு உள்ளே போகிறது என்பது அவர் கையிலும் இல்லை, உங்கள் கண்ணிலும் படாது.

ஒவ்வொன்றாக

ஒரு வீட்டுக் காலையைச் சொல்கிறேன். எழுபது தாண்டிய அம்மாயி, இடப்பக்கம் விழுந்துபோனவர். காலைக்கு மூன்று குளிசை: பிரஷருக்கு லொசார்டன், இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரின், சீனிக்கு மெட்ஃபோமின். மெட்ஃபோமின் சாப்பாட்டோடு போக வேண்டும், அஸ்பிரினுக்கும் அதுதான் நல்லது, லொசார்டன் எப்போதும் கொடுக்கலாம். அதனால் மருமகள் கெட்டியான கஞ்சி பாதி கொடுத்து முடித்ததும் குளிசையை எடுக்கிறாள். முழுக் கஞ்சியும் முடியட்டும் என்று காத்திருப்பதில்லை, அதற்குள் அம்மாயி களைத்துவிடுவார்.

மூன்று குளிசையும் ஒரு சின்னத் தட்டில். உறையையும் கிளினிக் கொப்பியையும் பக்கத்தில் வைத்து ஒரு தடவை பார்த்துக்கொள்கிறாள். அம்மாயியிடம், "இது பிரஷர் குளிசைங்க" என்று காட்டுகிறாள். என்ன வருகிறது என்று தெரிந்தால் வாய் தயாராகும்.

ஒரு கரண்டி தண்ணீர், விழுங்கியாச்சு. லொசார்டனை வலப்பக்கம், நாக்கின் நடுப்பகுதியில் வைக்கிறாள். தொண்டைக்குப் பின்னால் தள்ளுவதில்லை. அங்கே தள்ளினால் குமட்டும். அடுத்து ஒரு கரண்டி தண்ணீர். தாடை கீழே, விழுங்கல், குரல்வளை ஏறி இறங்குகிறது. இன்னொரு வெறும் விழுங்கல். "ஆ" சொல்லச் சொல்லி, வாயைப் பார்த்து, நாக்கில் இல்லை என்று உறுதியானதும் இன்னும் இரண்டு கரண்டி தண்ணீர், ஒவ்வொன்றாக. குளிசை வாயை விட்டுப் போனாலும் உணவுக் குழாயின் நடுவில் தங்கி அங்கேயே புண்ணாக்கலாம், அதற்குத்தான் இந்தப் பின்தண்ணீர். பிறகு ஒரு நிமிடம் ஓய்வு. அதன் பிறகே அஸ்பிரின், அதே மாதிரி.

மெட்ஃபோமின் பெரியது. தண்ணீரோடு கொடுத்தால் அம்மாயிக்குத் தண்ணீர் முதலில் இறங்கிவிடும், குளிசை நாக்கில் நின்றுவிடும். மெல்லிய நீரும் கனமான பொருளும் ஒரே வாயில் சேரும்போது பலவீனமான தொண்டைக்கு அது சிரமம்தான். டிஸ்பென்சரியில் கேட்டு, இதை இரண்டாக உடைக்கலாம் என்று தெரிந்ததும், ஒவ்வொரு பாதியையும் ஒரு தேக்கரண்டி கெட்டித் தயிரில் புதைத்துக் கொடுக்கிறாள். தயிரும் குளிசையும் ஒன்றாக வழுக்கி இறங்கும். நன்றாக மசித்த வாழைப்பழமும் ஆகும். சோற்றுத் தட்டிலோ கஞ்சிக் கோப்பையிலோ முழுவதுமாகக் கலந்துவிடக் கூடாது. பாதி சாப்பிட்டு வேண்டாம் என்று சொன்னால் எவ்வளவு மருந்து போனது என்று யாருக்கும் தெரியாது. மேல்கூடு உள்ள கப்சூல் தண்ணீரில் மிதக்கும், அதனால் அண்ணாந்தால் உதட்டுப் பக்கம்தான் நிற்கும். தாடையைச் சற்றுக் குனிந்து விழுங்கச் சொன்னால் அது பின்னால் போய் இறங்கும்.

கஞ்சியோடு சேர்த்து எல்லாமே கால் மணி நேரத்துக்கும் அரை மணி நேரத்துக்கும் இடையில் எடுக்கும். பெரட்டுக்கு நேரமாகும் என்றால் வேகத்தைக் கூட்டாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். நாளுக்கு ஒரு முறை போகும் சில குளிசையை மாலைக்கு மாற்றலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம். கேட்டால் பல நேரம் வழி சொல்லுவார்கள்.

வாயைப் பார்ப்பது

"முழுங்கியாச்சா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். மறைக்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை. விழுந்துபோன பக்கத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதால், அங்கே குளிசை இருப்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதனால் கடைசியில் மட்டும் இல்லை, ஒவ்வொரு குளிசைக்குப் பிறகும் பார்க்க வேண்டும். லயத்துக் காம்பராவில் பகலிலும் வெளிச்சம் குறைவுதான். டோர்ச் எடுத்துக்கொள்ளுங்கள்.

அகலமாகத் திறக்கச் சொல்லி நாக்கின் மேல் பாருங்கள். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில். பிறகு பலமில்லாத பக்கக் கன்னத்தை விரலால் மெல்ல வெளியே இழுத்து, ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் உள்ள பள்ளத்தைப் பாருங்கள். குளிசையும் உணவும் அதிகம் தங்கும் இடம் அதுதான். மேல் அண்ணத்தையும் கட்டுப்பல்லின் அடியையும் மறக்க வேண்டாம். அஸ்பிரினோ, இரும்புச்சத்துக் குளிசையோ ஓரமாக ஒட்டி மணிக்கணக்கில் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகிப் புண்ணாகிவிடும்.

குளிசை இருந்தால் உடனே மேலே தண்ணீர் ஊற்றாதீர்கள். நாக்கால் தள்ளி, வெறும் வாயோடு விழுங்கச் சொல்லுங்கள். போகாவிட்டால் ஒரு கரண்டி தயிர். அதற்கும் போகாவிட்டால், ஈரத் துணி சுற்றிய விரலால் கன்னப் பக்கமாக வழித்து வெளியே எடுங்கள். பல்லுக்கு நடுவில் விரலை வைக்காதீர்கள். கடிக்கும் வேகம் அவருக்கே தெரியாது. பாதி கரைந்து வெளியே வந்த குளிசைக்குப் பதிலாக இன்னொன்றைக் கொடுக்கக் கூடாது. எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாத நிலையில் இரண்டாவது கொடுத்தால் பிரஷரோ சீனியோ அளவுக்கு மீறி இறங்கலாம். கொப்பியில் எழுதிவைத்துக் கேளுங்கள். வாந்தி எடுத்தாலும் இதேதான்.

எல்லாம் முடிந்ததும் வாயை இன்னொரு தடவை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். உடனே படுக்க வைக்காதீர்கள். குறைந்தது அரை மணி நேரம் சாய்ந்தபடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் வயிற்றில் போனது மேலே வரும். எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒரு முறை போடும் அலென்ட்ரோனேட் குளிசைக்கு நிமிர்ந்த நிலை கட்டாயம். படுக்கையில் இருப்பவருக்கு அது எழுதப்பட்டிருந்தால், இவர் நிமிர்ந்து உட்கார முடியாதவர் என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இடிப்பதும் தேத்தண்ணியும்

விழுங்கக் கஷ்டம் என்றதும் எல்லாக் குளிசையையும் அம்மியில் இடித்துக் கொடுப்பது வழக்கம். சில குளிசைகள் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்படி செய்யப்பட்டவை. இடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர்., எம்.ஆர். என்று இருந்தால் இடிக்கவோ உடைக்கவோ கூடாது. பிரஷருக்கான நிஃபெடிபின் எஸ்.ஆர். இடிக்கப்பட்டால் பிரஷர் சடாரென்று இறங்கி ஆளே மயங்கிவிடலாம். வயிற்றில் கரையாமல் குடலில் கரைவதற்கென்று மேல்பூச்சு பூசியதும் அப்படியே. தாளுறையில் வரும் குளிசையில் இந்த எழுத்து இருக்காது, அதனால் வாங்கும்போதே "இதை உடைக்கலாமா, இடிக்கலாமா, சிரப்பாகக் கிடைக்குமா?" என்று மருந்து கொடுப்பவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு உறையில் எழுதிக்கொள்ளுங்கள்.

குளிசைக்குத் தண்ணீர்தான். இரும்புச்சத்துக் குளிசையைச் சாயத்தண்ணியோடு கொடுத்தால் சாயத்தில் உள்ள பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஆசைப்பட்டுக் கேட்டால் தேத்தண்ணி கொடுக்கலாம், ஆனால் அதுவும் உட்கார வைத்துக் கரண்டியால்தான். உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, சுடாத பதத்தில். ரொட்டியையோ பாணையோ தேத்தண்ணியில் நனைத்துக் கொடுப்பது மென்மையாகத் தெரிந்தாலும், வாய்க்குள் தண்ணீர் தனியாகவும் துண்டு தனியாகவும் பிரிந்துவிடும். பருக்கை மிதக்கும் கஞ்சியும் அப்படித்தான். கஞ்சியை நன்றாகக் கடைந்து, ஒரே பதமாக்கிக் கொடுங்கள். இதயம் அல்லது சிறுநீரகத்துக்காகத் தண்ணீர் அளவு குறைக்கச் சொல்லியிருந்தால், குளிசையோடு போகும் கரண்டிகளையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடைத்துக்கொண்டால்

இருமுகிறார், சத்தம் வருகிறது என்றால் இரும விடுங்கள். முன்னால் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள், தலையில் தட்டாதீர்கள். சத்தமே வராமல், மூச்சு விட முடியாமல் போனால் அது அடைப்பு; உதடு நீலமாகவும் ஆகலாம். முன்னால் குனிய வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஐந்து முறை பலமாக அடியுங்கள். வெளியே வராவிட்டால் பின்னால் இருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே கைமுட்டியை வைத்து, உள்ளேயும் மேலேயும் ஐந்து முறை அழுத்துங்கள். மாறி மாறிச் செய்யுங்கள். இன்னொருவர் 1990க்கு அழைக்கட்டும். வாய்க்குள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள், தேடி விரலை விட்டால் இன்னும் உள்ளே போகும். நினைவு தவறி மூச்சும் நின்றுவிட்டால், தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்த ஆரம்பியுங்கள். எப்படி என்று தொலைபேசியில் இருப்பவர் சொல்லுவார்.

சத்தமில்லாமல் நெஞ்சுக்குள் போனது அன்றே தெரியாது. அடுத்த இரண்டு மூன்று நாளில் காய்ச்சல், வேகமான மூச்சு, சளி கூடுதல், வழக்கத்தை விடத் தூக்கம் என்று வரும். முதியவருக்குக் காய்ச்சல் இல்லாமல் வெறும் மந்தமாகவும் இருக்கலாம். இந்த மாற்றம் எதுவாக இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், குளிசை எடுக்கையில் இருமினார் என்பதையும் சொல்லுங்கள்.

கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் தினமும் ஒரு வரி எழுதிவாருங்கள்: எந்தக் குளிசை இறங்கியது, எது வாயில் கிடந்தது, எதற்கு இருமல் வந்தது, தண்ணீருக்கா கஞ்சிக்கா. அடுத்த கிளினிக்கில் இதைக் காட்டி, விழுங்குவதைப் பரிசோதிக்கும் பேச்சு சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் அவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரைக் கெட்டியாக்க வேண்டுமா, எந்தப் பதத்துக்கு, என்பதை அவர்கள் பார்த்துவிட்டுச் சொன்ன பிறகே செய்யுங்கள். தேவையில்லாதவருக்குக் கெட்டியாக்கினால் அவர் குடிப்பதே குறைந்து, உடம்பில் நீர் வற்றிப் போகும்.